வரி முடிந்த இடமும் வாக்கியம் முடிந்த இடமும்

மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் ஆங்கில நோட்டைத் திறந்தால் முற்றுப்புள்ளிகள் ஒரு ஒழுங்கில் இருப்பதைப் பார்க்கலாம். ஒவ்வொரு வரியின் வலது ஓரத்திலும் ஒரு புள்ளி. அடுத்த வரியின் இடது ஓரத்தில் ஒரு பெரிய எழுத்து. வாக்கியம் அங்கே முடிந்ததா என்பதோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. தாள் முடிந்துவிட்டது, அதனால் புள்ளி.

இதைக் கவனக்குறைவு என்று சொல்லும் ஆசிரியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளை பார்த்த ஆங்கிலம் எல்லாம் வரிக்கு ஒரு வாக்கியம்தான். படத்துக்குக் கீழே ஒரு வரி, அதன் முடிவில் ஒரு புள்ளி. ஆங்கிலப் பாட்டு என்றால் ஒவ்வொரு வரியும் பெரிய எழுத்தில் தொடங்கும். அதையெல்லாம் உற்றுப் பார்த்து, வரிதான் வாக்கியம் என்று பிள்ளை தானாக ஒரு விதியைக் கண்டுபிடித்திருக்கிறது. பார்த்த அளவுக்கு அது சரியான விதி. மூன்றாம் வகுப்பில் பாடம் பத்தியாக மாறும்போதுதான் அந்த விதி உடைகிறது. இங்கிலாந்தில் சிறுபிள்ளைகள் நிறுத்தக்குறிகளைக் கற்கும் விதத்தை நெடுநாள் ஆராய்ந்தவர் நைஜல் ஹால். ஆங்கிலமே தாய்மொழியான பிள்ளைகளும் முதலில் புள்ளியை இப்படித் தாளின் ஓரத்தில்தான் வைக்கிறார்கள் என்று அவர் எழுதியிருப்பதைப் பிற்பாடு ஒரு பயிற்சியில் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

மதுரை மாவட்டத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் இடைநிலை ஆசிரியராக இருந்தேன். பெரும்பாலும் மூன்றாம் வகுப்புதான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்தப் பாடத்தை எல்லோரும் ஒரே மாதிரி நடத்தினார்கள். வாக்கியம் பெரிய எழுத்தில் தொடங்கும், முற்றுப்புள்ளியில் முடியும் என்ற விதியை ஆங்கிலத்தில் பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகளைக் கோரஸாகச் சொல்ல வைப்போம். அழகாகச் சொல்வார்கள். அடுத்த நிமிஷம் நோட்டில் புள்ளியே இருக்காது. வாக்கியம் எங்கே முடிகிறது என்று தெரிந்தவனுக்குத்தான் அந்த விதி உதவும். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியாமல் இருப்பதே அதுதான்.

தப்பான பத்தியைக் கொடுத்துத் திருத்தச் சொல்லும் வழி எனக்கு என் சித்தப்பாவிடமிருந்து வந்தது. அவர் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அவர் மேஜையில் ஈரம் காயாத தாள்கள் கிடக்கும். பெரிய எழுத்தாக மாற்ற வேண்டிய ஆங்கில எழுத்துக்குக் கீழே குட்டியாக மூன்று கோடு போடுவார். விட்டுப்போன முற்றுப்புள்ளியை வைத்து அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். புள்ளி சின்னது, கம்பாசிட்டர் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால் வட்டம். இந்த இரண்டு குறிகளையும் அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோனேன். அழித்து எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல் என்று சீக்கிரமே தெரிந்தது. பிள்ளை அழித்து எழுதினால், முன்னால் என்ன இருந்தது, எதை மாற்றியது என்று எனக்குத் தெரியாமல் போகும். குறி போட்டால் அதன் யோசனை தாளிலேயே நிற்கும்.

ஒவ்வொரு வருஷமும் நான் முதலில் கொடுக்கும் பத்தி கிட்டத்தட்ட இதுதான். எல்லாம் சின்ன எழுத்தில் இருக்கும். ஒரு குறிகூட இருக்காது.

மை நேம் இஸ் குமார் ஐ லிவ்
இன் மதுரை ஐ ஹேவ் எ பிரவுன்
டாக் ஹிஸ் நேம் இஸ் மணி டு
யூ ஹேவ் எ டாக் வீ பிளே
நியர் த வைகை ஆன் சண்டே

ஆறு வாக்கியங்கள். முடிவில் ஐந்து முற்றுப்புள்ளி, ஒரு கேள்விக்குறி. வாக்கியத் தொடக்கத்துக்கு ஆறு பெரிய எழுத்து. குமார், மதுரை, மணி, வைகை, ஞாயிற்றுக்கிழமை ஆகிய பெயர்களுக்கு ஐந்து. ஆக மொத்தம் பதினேழு திருத்தம். பார்க்கச் சாதாரணமாக இருக்கும் இந்தப் பத்தியை அமைப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

முதல் விஷயம், வரிகள் உடைகிற இடம். கடைசி வரியைத் தவிர எந்த வரியும் வாக்கியத்தின் முடிவில் முடியக் கூடாது. அச்சடித்த பயிற்சித் தாள்களில் பல சமயம் நாலு வாக்கியம் நாலு வரியாக இருக்கும். பிள்ளை வரிக்கு ஒரு புள்ளி வைத்து முழு மதிப்பெண் வாங்கிவிடும், ஒன்றும் கற்றிருக்காது. என் பத்தியில் ஆறு வாக்கியம் ஐந்து வரியில் இருக்கிறது. வேலை ஆரம்பிக்கும்போதே "இதுல ஆறு வாக்கியம் இருக்கு" என்று சொல்லிவிடுவேன். வரிக்கு ஒன்றாகப் புள்ளி வைத்தவன் எண்ணிப் பார்த்து, "டீச்சர், ஒண்ணு குறையுது" என்று வருவான். அவன் நம்பிய விதி பொருந்தவில்லை என்று அவனே கண்டுபிடிப்பதற்காகத்தான் அந்தக் கணக்கு.

இரண்டாவது, பத்தியில் எழுத்துப்பிழை ஒன்றுகூட வைக்க மாட்டேன். சில ஆசிரியர்கள் எல்லாவற்றையும் கலந்து வைப்பார்கள். தப்பான ஸ்பெல்லிங்கைப் பிள்ளை ஒரு படமாகப் பார்க்கிறது. நாளைக்கு இரண்டு படமும் நினைவில் நின்று எது சரி என்று குழம்பும். விட்டுப்போன புள்ளி அப்படி இல்லை, அங்கே பார்ப்பதற்கு எதுவும் கிடையாது. அமெரிக்காவில் தினமும் பலகையில் இரண்டு தவறான வாக்கியங்களை எழுதித் திருத்தச் சொல்லும் 'டெய்லி ஓரல் லாங்குவேஜ்' என்ற பயிற்சி நெடுங்காலம் நடந்திருக்கிறது. ஜெஃப் ஆண்டர்சன் என்ற ஆசிரியர் 2005இல் வெளிவந்த தன் நூலிலும் பிறகும், பிள்ளைகளுக்குத் தவறுகளைக் காட்டுவதைவிட நல்ல வாக்கியங்களைக் காட்டி அவற்றில் என்ன இருக்கிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள் என்று வாதாடுகிறார். அவர் சொல்வதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடுதான். அதனால் தப்பான பத்தியைப் பிள்ளைகள் நோட்டில் பார்த்து எழுத விட மாட்டேன். ஒரு நாள் முழுக்கப் பலகையிலும் விட்டுவைக்க மாட்டேன். திருத்தி முடித்ததும் சரியான பத்தியைச் சுத்தமாக எழுதி, எல்லோருமாக ஒருமுறை வாசித்த பிறகுதான் மணி அடிக்க வேண்டும். நேரம் போதாது என்று தெரிந்தால் வாக்கியங்களைக் குறைப்பேனே தவிர, அந்தக் கடைசி வாசிப்பை விட்டதில்லை.

திருத்துவதை மூன்று சுற்றாகப் பிரிப்பேன். முதல் சுற்றில் முடிவுகள் மட்டும். பெரிய எழுத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது. இரண்டாவது சுற்றில், ஒவ்வொரு முடிவுக்கும் அடுத்து வரும் எழுத்துக்குக் கீழே மூன்று கோடு. மூன்றாவது சுற்றில் பெயர்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் தேடச் சொன்னால் எட்டு வயதுக் கண் எளிதானதை எல்லாம் பிடித்துவிட்டுக் கடினமானதை விட்டுவிடும். எளிதானது பெயர்கள். கடினமானது முடிவுகள். ஆகவே கடினமானதை முதலில் செய்ய வேண்டும். முதல் சுற்று சரியாக நடந்துவிட்டால் இரண்டாவது சுற்றுக்கு யோசனையே தேவைப்படாது.

முதல் சுற்று எப்படி நடக்க வேண்டும் என்பதில்தான் எனக்கும் மற்றவர்களுக்கும் கருத்து வேறுபாடு. மூச்சு விடுகிற இடத்தில் புள்ளி வை என்று சொல்லிக் கொடுப்பது வழக்கம். நன்றாக வாசிக்கிற பிள்ளைக்கு இது பலிக்கும். வகுப்பில் பாதிப் பேர் ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாக எழுத்துக்கூட்டி வாசிப்பவர்கள். "மை" என்பார்கள், நிற்பார்கள். "நேம்" என்பார்கள், நிற்பார்கள். அவர்களுக்கு எல்லா இடத்திலும் மூச்சு வருகிறது. சொல்லுக்குச் சொல் புள்ளி வைத்த தாள்களை நான் வாங்கியிருக்கிறேன். சொன்னபடிதான் அந்தப் பிள்ளை செய்திருக்கிறது.

அதனால் நான் தமிழை நம்பினேன். தமிழில் வாக்கியத்தின் முடிவு காதில் விழும். வந்தான், போனேன், இருக்கு, விளையாடுவோம் என்று வினைமுற்று கடைசியில் வந்து கதவைச் சாத்திவிடும். எட்டு வயதுக்குள் எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் இது ஊறிப்போயிருக்கும், யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் வினைச்சொல் நடுவில் உட்கார்ந்துகொள்வதால் முடிவைக் காட்டிக்கொடுக்க அங்கே எதுவும் இல்லை. ஆகவே பத்தியை முதலில் நான் ஒரே சீராக, எங்கும் நிறுத்தாமல், குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசிப்பேன். பிறகு ஒரு பிள்ளை அதைத் தமிழில் சொல்ல வேண்டும். "என் பேரு குமாரு. நான் மதுரையில இருக்கேன். என்கிட்ட ஒரு பழுப்பு நாய் இருக்கு." தமிழில் ஒவ்வொன்று முடியும்போதும் வகுப்பு ஒரு கை தட்டும். தட்டு விழுந்த இடத்துக்கு நேரான ஆங்கிலச் சொல்லைப் பலகையில் ஒருவன் தேடிப் புள்ளி வைத்து வட்டமிடுவான். "என் பேரு குமாரு" என்பதில் வினைச்சொல்லே இல்லை, ஆனாலும் ஒருவரும் அங்கே தட்டத் தயங்கியதில்லை. யாரைப் பற்றி, என்ன சொல்கிறோம் என்ற இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் பிள்ளைக்கு அது முடிந்த பேச்சாகத் தெரிகிறது. பின்னால் தமிழில் சொல்லாமலே ஆங்கிலத்தைத் தொடரும்போது நான் கேட்கிற கேள்வியும் அதுதான்: யாரு? என்ன செஞ்சாங்க?

வட்டார வள மையப் பயிற்சிகளில் சில கருத்தாளர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆங்கில வகுப்பில் தமிழ் கூடாது என்பார்கள். பிள்ளைக்குக் கைவசம் இருக்கிற ஒரே அளவுகோலைப் பிடுங்கி வைத்துவிட்டு அளக்கச் சொல்வதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

கேள்விக்குறியிலும் தமிழ் உதவும், கொஞ்ச தூரம் வரை. "உன்கிட்ட நாய் இருக்கா?" என்று சொன்னதும் அந்த 'ஆ' கேள்வியைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் அதைக் காட்டுகிற 'டு' வாக்கியத்தின் தலையில் இருக்கிறது, குறியோ வாலில் வர வேண்டும். பிள்ளை வாலுக்கு வந்து சேரும்போது தலையை மறந்திருக்கும். அதனால் புள்ளி வைப்பதற்கு முன் விரலை வாக்கியத்தின் முதல் சொல்லுக்குக் கொண்டுபோய்த் திரும்பி வரச் சொல்வேன். இது பழக்கமானதும் வேறொரு தப்பு முளைக்கும். 'வென்', 'வேர்', 'ஹூ' என்ற சொற்களைக் கண்டாலே கேள்விக்குறி போட ஆரம்பிப்பார்கள். அதற்காகவே இரண்டாவது பத்தி வைத்திருக்கிறேன். முதல் பத்தி வசப்பட்ட பிறகுதான் இதைக் கொடுப்பேன்.

மணி சிட்ஸ் நியர் த கேட் வென்
ஐ கம் ஹோம் ஹி பார்க்ஸ் இஸ்
ஹி ஆங்க்ரி ஹி இஸ் வெரி
ஹேப்பி அம்மா கிவ்ஸ் ஹிம் ரைஸ்

ஐந்து வாக்கியம் என்று சொல்லிவிடுவேன். ஒரு வருஷம் இந்தப் பத்தியில் நடந்த விவாதம் எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது. வகுப்பில் துடிப்பான ஒரு பெண் எழுந்து வந்து, 'கேட்' என்ற சொல்லுக்குப் பிறகு புள்ளி வைத்து வட்டமிட்டாள். மணி வாசல் கேட் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். நான் வீட்டுக்கு வரும்போது குரைக்கும். பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "இல்ல டீச்சர், 'ஹோம்'கிட்டதான் வைக்கணும்" என்றான். நான் வீட்டுக்கு வரும்போது மணி கேட் பக்கத்தில் உட்காரும். அது குரைக்கும். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன்.

"ரெண்டையும் எண்ணிப் பாருங்க" என்றேன். இரண்டிலும் ஐந்துதான் வந்தது. "அப்ப எது சரி?" அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "என் நாய் எப்பவும் கேட்லதான் உக்காந்திருக்கும் டீச்சர். இவன் நாய் இவன் வந்தாத்தான் வந்து உக்காரும்" என்றாள். ஒரு புள்ளி இடம் மாறியதில் நாயின் குணமே மாறிவிட்டது என்பதை அவள் சொல்லித்தான் வகுப்பு கேட்டது. நான் சொல்லியிருந்தால் அத்தனை பேர் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டும் சரி என்று சொன்னேன். எழுதியவன் என்ன நினைத்தான் என்பது அவனுக்குத்தான் தெரியும், அதைச் சொல்லத்தான் அவன் புள்ளி வைக்க வேண்டும்.

அப்போது மூன்றாவதாக ஒருவன் வந்து 'கேட்' பக்கத்தில் ஒன்று, 'ஹோம்' பக்கத்தில் ஒன்று என்று இரண்டு வட்டம் போட்டான். கணக்கு ஆறாகிவிட்டது. அவனை அந்த நடுத் துண்டை மட்டும் தமிழில் சொல்லச் சொன்னேன். "நான் வீட்டுக்கு வரும்போது" என்றான். சொல்லிவிட்டு நின்றான். வகுப்பே "வரும்போது...?" என்று இழுத்தது. தமிழில் 'போது' என்று சொல்லிவிட்டு யாராலும் நிறுத்த முடியாது, கேட்பவர்கள் விட மாட்டார்கள். அவனே ஒரு வட்டத்தை அழித்தான். இன்னொரு பிள்ளை 'ஹோம்' பக்கத்தில் கேள்விக்குறி போட வேண்டும், 'வென்' இருக்கிறதே என்றாள். அதற்கும் அந்தத் தமிழே பதில் சொன்னது. "நீ யாரையாவது ஏதாவது கேக்குறியா?" "இல்ல டீச்சர், வரும்போதுன்னு சொல்றேன்." அத்தோடு கேள்விக்குறி போயிற்று. அந்தத் தொடக்கத் துண்டுக்குப் பிறகு ஒரு காற்புள்ளி இருந்தால் இன்னும் நல்லது என்பது எனக்குத் தெரியும். எட்டு வயதில் அதைத் தொட மாட்டேன். காற்புள்ளியைக் காட்டிவிட்டால் முற்றுப்புள்ளி வைக்க வேண்டிய இடத்திலெல்லாம் அதைப் போட்டுத் தப்பித்துக்கொள்வார்கள்.

பெரிய எழுத்துக்கு வருகிறேன். வாக்கியத் தொடக்கம் முடிவைச் சார்ந்தது என்பதால் அதில் அதிக வேலை இல்லை. பெயர்களில்தான் கேள்விகள் கிளம்பும். தமிழ் எழுத்தில் பெரியது சின்னது கிடையாது, ஆளின் பெயரும் மரத்தின் பெயரும் ஒரே மாதிரிதான் எழுதப்படுகின்றன. "மணிக்குப் போடுறீங்க, நாய்க்கு ஏன் போட மாட்டேங்கிறீங்க?" என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்பார்கள். "தெருவுல நின்னு 'நாயே'ன்னு கூப்பிட்டா எது வரும்?" என்று கேட்பேன். எல்லா நாயும் வரும் என்பார்கள். "மணின்னு கூப்பிட்டா?" அந்த ஒன்றுதான் வரும். இந்தச் சோதனையை வைகை வரைக்கும் பிள்ளைகளே இழுத்துக்கொண்டு போவார்கள். ஆறு என்றால் சின்ன எழுத்து, வைகை என்றால் பெரிய எழுத்து. கிழமைகளுக்கு இது பலிக்காது. எல்லா வாரத்திலும் ஞாயிறு வருகிறதே என்று கேட்டால், கிழமைக்கும் மாதத்துக்கும் ஆங்கிலத்தில் அப்படித்தான் வழக்கம், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். வராத காரணத்தை வரவழைக்கக் கூடாது.

இரண்டாவது பத்தியில் அம்மாவை வேண்டுமென்றேதான் வைத்தேன். அம்மா சோறு போடுகிறாள் என்னும்போது அம்மா என்பது பெயர் போல நிற்கிறது, இங்கே வாக்கியத் தொடக்கமாகவும் இருக்கிறது. இரண்டு காரணத்தாலும் பெரிய எழுத்து. 'மை மதர்' என்று எழுதினால் சின்ன எழுத்து போதும். இதை ஒத்துக்கொள்ள மறுத்த பிள்ளைகள் உண்டு. அம்மாவுக்கு எங்கே வந்தாலும் பெரிய எழுத்துதான் என்று பிடிவாதம். நான் வற்புறுத்த மாட்டேன், ஐந்தாம் வகுப்புக்குள் தானாகச் சரியாகிவிடும்.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, எந்த ஆங்கிலப் பயிற்சிப் புத்தகமும் அதைச் சொல்வதில்லை. இனிஷியல். பிள்ளை வாழ்க்கையில் முதன்முதலில் எழுதும் ஆங்கிலப் புள்ளி வாக்கியத்தை முடிக்கிற புள்ளியே அல்ல, அப்பா பெயரின் முதல் எழுத்துக்குப் பின்னால் வைக்கிற புள்ளி. நோட்டு அட்டையில் ஒன்றாம் வகுப்பிலேயே எழுதப் பழகிவிடுகிறார்கள். புள்ளி வந்தால் வாக்கியம் முடிந்தது என்று சொன்ன மறுநாள் ஒருவன் நோட்டு அட்டையைக் காட்டி, "என் பேரு பாதியிலயே முடிஞ்சிருச்சா டீச்சர்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அது சுருக்கிய பெயருக்கான புள்ளி என்று தனியாகச் சொல்லிக் கொடுத்தேன். முதல் மாதப் பத்திகளில் இனிஷியல் வராமல் பார்த்துக்கொண்டு, பிறகு ஒன்று சேர்ப்பது என் வழக்கமாயிற்று.

மூன்று கோடு போடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கிலத்தில் சி, ஓ, எஸ், வி, டபிள்யூ, எக்ஸ், இசட் ஆகியவற்றுக்குப் பெரியதும் சின்னதும் ஒரே உருவம், அளவு மட்டும்தான் வேறு. 'வைகை'யின் வி, 'சண்டே'யின் எஸ் இரண்டும் இதில் சேர்ந்தவை. கோடில்லாத தாளில் பிள்ளை எழுதியது எது என்று எனக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது. கீழே மூன்று கோடு இருந்தால் சந்தேகம் இல்லை. பிறகு நாலு கோடு நோட்டில் எழுதும்போது, பெரிய எழுத்து மேல் சிவப்புக் கோட்டில் தொடங்கி மூன்றாவது கோட்டில் நிற்க வேண்டும், சின்ன எஸ் நடுவில் இருக்கும் இரண்டு நீலக் கோடுகளுக்குள் அடங்க வேண்டும் என்று பார்க்கலாம். மூன்றாம் வகுப்பில் நாலு கோடு நோட்டு எதற்கு, ஒற்றைக் கோடு போதும் என்று சொல்கிற பெற்றோர்களிடம் இதைத்தான் காட்டுவேன்.

2007 வாக்கில் எங்கள் பள்ளிகளுக்குச் செயல்வழிக் கற்றல் வந்தது. அட்டைகள், ஏணிப்படி, பாயில் வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள். அந்த முறையைப் பற்றி ஆசிரியர்களிடையே நல்லதும் கெட்டதுமாக நிறையப் பேச்சு இருந்தது. எனக்கு அதில் கிடைத்த பெரிய லாபம், சுவரைச் சுற்றித் தரையை ஒட்டிப் பூசிய கீழ்மட்டக் கரும்பலகை. ஆளுக்கொரு பகுதி. அதுவரை ஒரு பலகை, ஒரு சாக்பீஸ், ஒரு பிள்ளை எழுத மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பது என்றுதான் திருத்தும் வேலை நடந்தது. கீழ்ப்பலகை வந்த பிறகு காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன் நாலைந்து இடத்தில் பத்தியை எழுதி வைத்துவிடுவேன். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவன் வாசிக்க ஒருவன் குறி போட, இடையில் சண்டை நடக்கும். அந்தச் சண்டைதான் எனக்கு வேண்டும். புள்ளியை ஏன் அங்கே வைத்தாய் என்று பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லும்போதுதான் பிள்ளைக்குத் தன் காரணம் தெரிகிறது. 2022இல் எண்ணும் எழுத்தும் வந்து, பயிற்சிநூல் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் வந்த பிறகும் வாரத்துக்கு ஒரு முறையாவது அந்தக் கீழ்ப்பலகைக்குப் போகாமல் இருந்ததில்லை.

பிள்ளைகள் பார்க்கிற ஆங்கிலமும் இந்த வருஷங்களில் மாறிவிட்டது. முன்பு அவர்கள் கண்ணில் பட்டது கடை போர்டும் பஸ் போர்டும்தான், அவை முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் தேவையில்லாத இடத்திலெல்லாம் பெரிய எழுத்தைப் போட்டார்கள். இப்போது வீட்டில் செல்போன் இருக்கிறது. அதில் முதல் எழுத்தைப் போனே பெரிதாக்கிக்கொள்கிறது. புள்ளி யாரும் வைப்பதில்லை, அனுப்புகிற பொத்தானை அழுத்தினால் முடிந்தது. அதனால் சமீபத்திய பிள்ளைகளிடம் பத்தியின் முதல் எழுத்து மட்டும் ஒழுங்காகப் பெரிதாக இருக்கும், மற்றதெல்லாம் ஒரே ஓட்டம்.

இனி இந்த முறையின் எல்லையைச் சொல்ல வேண்டும். பலகையில் பதினேழையும் பிடித்த பிள்ளை, தன் வீட்டைப் பற்றி எழுதச் சொன்னால் ஒரு புள்ளிகூட இல்லாமல் எழுதி நீட்டும். புதிதாக வந்த ஆசிரியர்கள் இதில் மனம் ஒடிந்துபோவார்கள். என் பத்தியில் பிள்ளை வாசகன். எழுதும்போது அதன் மனம் அடுத்த வாக்கியத்துக்கும் அதன் ஸ்பெல்லிங்குக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. தான் எழுதியதை உடனே வாசிக்கச் சொன்னாலும் பலன் இல்லை. தாளில் இல்லாத புள்ளியையும் தன் மனத்திலிருந்து சேர்த்து வாசித்துவிடும், ஏனென்றால் என்ன சொல்ல வந்தோம் என்பது அதற்குத் தெரியும்.

இதற்கு நான் கண்ட வழி, எழுதிய தாளை வாங்கி வைத்துக்கொண்டு சில நாள் கழித்துத் திருப்பிக் கொடுப்பது. கொடுக்கும்போது எழுதியவனிடம் கொடுக்காமல் அவன் ஜோடியிடம் கொடுப்பேன். எழுதியபடியே வாசிக்க வேண்டும், புள்ளி இல்லாத இடத்தில் நிற்கக் கூடாது என்பது நிபந்தனை. ஜோடி மூச்சு முட்ட ஓட்டமாக வாசிப்பான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் "டேய், அங்க நில்லுடா!" என்று கத்துவான். "புள்ளி எங்க இருக்கு, காட்டு" என்பான் மற்றவன். எழுதியவன் உடனே பென்சிலை வாங்கிப் புள்ளி வைப்பான். நான் சிவப்பு மையில் வைத்திருந்தால் ஒரு வருஷத்திலும் நடந்திருக்காது. ஒரு பிள்ளையின் தாளைப் பலகையில் எழுதிப்போட்டு எல்லோருமாகத் திருத்துவதை மட்டும் நான் செய்ததில்லை, பெயரை மறைத்தாலும் யாருடையது என்று வகுப்புக்குத் தெரிந்துவிடும். பலகையில் வருவது எப்போதும் நான் எழுதிய பத்திதான்.

முன்னேற்றத்தையும் இந்தச் சொந்த எழுத்தில்தான் பார்ப்பேன், திருத்திய பத்தியின் மதிப்பெண்ணில் பார்ப்பதில்லை. பெரும்பாலான பிள்ளைகள் ஒரே வழியில்தான் போகிறார்கள். முதலில் பக்கத்தின் தொடக்கத்தில் ஒரு பெரிய எழுத்து, கடைசியில் ஒரு புள்ளி. பிறகு வரி ஓரப் புள்ளிகள். பிறகு 'அண்ட்' போட்டு எல்லாவற்றையும் ஒட்டுகிற பருவம். கடைசியில் ஏறக்குறைய எல்லாம் சரியாகி, திருவிழா, பாம்பு, சண்டை என்று சுவாரசியமான இடம் வந்ததும் மட்டும் புள்ளி காணாமல் போகும். அந்தக் கட்டத்துக்கு வந்த பிள்ளையை நான் தொந்தரவு செய்வதில்லை. 'அண்ட்' பருவத்தில் இருக்கிற பிள்ளைக்குத் தனிப் பத்தி எழுதிக் கொடுப்பேன். அதில் 'அண்ட்' எட்டு இடத்தில் இருக்கும், இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் புள்ளியாக்க வேண்டும். எதை வைத்துக்கொள்வது என்பது அதன் விருப்பம்.

ஒரே ஒரு வகைப் பிழையைச் சரிசெய்ய இந்தப் பத்தி உதவவே உதவாது. சில பிள்ளைகள் சொல்லின் நடுவில் பெரிய 'பி' போடுவார்கள். 'டேபிள்' என்று எழுதினால் அந்த ஒரு எழுத்து மட்டும் பெரிதாக நிற்கும். முதல் பத்தியில் 'பிரவுன்' என்ற சொல்லை வைத்ததே இதைக் கண்டுபிடிக்கத்தான். சரியாக இருக்கிற அந்தச் சின்ன எழுத்துக்குக் கீழேயும் மூன்று கோடு போடுகிற பிள்ளையைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பேசுவேன். நிறத்தின் பெயரும் பெயர்தானே என்று நினைத்துப் போட்டிருந்தால் நாய், மணி சோதனையில் தெளிந்துவிடும். தெளியாவிட்டால் அதன் நோட்டைப் பின்னோக்கிப் புரட்ட வேண்டும். சின்ன 'பி'யும் சின்ன 'டி'யும் எந்தப் பக்கம் வயிறு என்று குழம்புகிற பிள்ளை, அந்தக் குழப்பத்திலிருந்து தப்பிக்கப் பெரிய 'பி'யைப் பிடித்துக்கொள்கிறது, அதற்கு ஒரு பக்கம்தான் வயிறு. இதைக் கேப்பிடல் லெட்டர் தப்பு என்று மார்க் குறைத்துக்கொண்டே போனால் பிள்ளை அந்தச் சொல்லை எழுதுவதையே தவிர்க்க ஆரம்பிக்கும். அதற்கு மணலில் எழுதுவது, ஒரு வாரம் 'பி' மட்டும், அது உறுதியான பிறகு 'டி' என்று வேறு வேலை இருக்கிறது. அது முடிகிற வரைக்கும் அந்தப் பிள்ளையின் பத்தியில் பெரிய எழுத்துச் சுற்றை விட்டுவிட்டு, முடிவுகளை மட்டும் பார்க்கச் சொல்வேன்.